தாயம் விழ எத்தனை தடவை உருட்ட வேண்டும்?

போன மே மாத விடுமுறையில் அக்கா வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடிக்கொண்டிருந்தோம். அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மற்ற மூன்று பேரின் காய்களும் கட்டத்துக்குள் இறங்கி ஒரு சுற்று வந்துவிட்டன. அவளுக்கு மட்டும் தாயம் விழவே இல்லை. பதினைந்து தடவைக்கு மேல் உருட்டிவிட்டாள்.

“மாமா, எட்டுல ஒண்ணு விழும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப எட்டு தடவ போட்டா ஒண்ணாவது விழணும்ல?”

விழணும் என்று இல்லை. ஆனால் அவள் கேட்டது நல்ல கேள்வி. அதைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விடை கிடைக்கும்: ஒரு தாயமாவது விழுந்துவிடும் என்று 90 சதவீதத்துக்கு மேல் நம்ப வேண்டுமானால், எத்தனை தடவை உருட்ட வேண்டும்? பாடப் புத்தகத்தில் இதே கேள்வி நாணயத்தை வைத்து வரும். நாம் கட்டையை வைத்துப் போட்டுப் பார்ப்போம். கட்டையில் நாணயத்தில் இல்லாத சில சிக்கல்கள் இருக்கின்றன, கணக்கு நன்றாகப் புரிவது அவற்றில்தான்.

முதலில் ஒரு தடவைக்கான வாய்ப்பு

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றும் நீளவாக்கில் நான்கு முகம் கொண்டது. ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உருட்டி மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டுகிறோம். கூட்டுத்தொகை ஒன்று என்றால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு.

முதல் கட்டைக்கு நான்கு வழி, இரண்டாவதற்கு நான்கு வழி, ஆக மொத்தம் 16. இதில் தாயம் எத்தனை? முதல் கட்டை வெறுமை, இரண்டாவது ஒன்று. அல்லது முதலாவது ஒன்று, இரண்டாவது வெறுமை. இரண்டே வழிதான். ஆகவே வாய்ப்பு 2/16, அதாவது 1/8.

இந்த இடத்தில் பலர் சறுக்குவது இப்படி: கூட்டுத்தொகை 0 முதல் 6 வரை ஏழு விதமாக வரும், அதில் ஒன்று தாயம், எனவே 1/7 என்று எழுதிவிடுவார்கள். ஏழு விடைகள் இருப்பது சரி, ஆனால் அவை சமவாய்ப்பு உள்ளவை அல்ல. மூன்று விழ நான்கு வழி உண்டு (0+3, 1+2, 2+1, 3+0). ஆறு விழ ஒரே வழிதான். அதனால் எப்போதும் கட்டைகளின் முகங்களை எண்ணுங்கள், கூட்டுத்தொகைகளை எண்ணாதீர்கள். ஒரு தடவைக்கான வாய்ப்பில் பிழை வந்தால் அப்புறம் போடும் கணக்கெல்லாம் வீண்.

‘ஒன்றாவது’ என்று வந்தால் திருப்பிப் போடுங்கள்

பத்து தடவையில் ஒரு தாயமாவது விழுவது என்றால் ஒன்று விழலாம், இரண்டு விழலாம், பத்துமே தாயமாக விழலாம். அத்தனையையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டினால் பொழுது போய்விடும். இவை எல்லாவற்றுக்கும் எதிர்ப்பக்கம் நிற்பது ஒன்றே ஒன்று: ஒரு தாயமும் விழாமல் போவது. அதைக் கண்டுபிடித்து 1-இலிருந்து கழித்தால் போதும்.

ஒரு தடவையில் தாயம் விழாமல் போக வாய்ப்பு 7/8. இரண்டு தடவையும் விழாமல் போக 7/8 × 7/8. கட்டைக்கு நினைவாற்றல் கிடையாது, போன தடவை என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் இப்படிப் பெருக்க முடிகிறது. புத்தகத்தில் இதைச் ‘சார்பிலா நிகழ்ச்சிகள்’ என்பார்கள். n தடவைக்கு:

```
ஒன்றாவது விழும் வாய்ப்பு = 1 − (7/8)^n
```

இது 0.9-ஐத் தாண்ட வேண்டும். அதாவது (7/8)^n என்பது 0.1-க்குக் கீழே இறங்க வேண்டும். கேள்வி இப்போது எளிதாகிவிட்டது: 0.875-ஐ அதனாலேயே எத்தனை தடவை பெருக்கினால் 0.1-க்குக் கீழே போகும்?

முதலில் நாணயத்தில் பழகிக்கொள்ளலாம். தலை விழாமல் போவது 1/2, பிறகு 1/4, 1/8, 1/16. மூன்று சுண்டலில் வெற்றி வாய்ப்பு 87.5 சதவீதம், போதவில்லை. நான்காவதில் 93.75, தாண்டிவிட்டது. விடை 4. நடுவில் 90 என்ற எண் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சுண்டல்கள் முழு எண்ணாகத்தான் இருக்க முடியும், மூன்றேகால் சுண்டல் கிடையாது. அதனால் சரியாக 90-இல் போய் நிற்பது அபூர்வம், பெரும்பாலும் தாண்டிப் போய்த்தான் விழுவோம்.

கையால் போட ஒரு குறுக்கு வழி

0.875-ஐ ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டே போனால் கை வலிக்கும். வந்த விடையை அதனாலேயே பெருக்குங்கள், ஒவ்வொரு அடியிலும் தடவைகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்.

இரண்டு தடவைக்கு 0.875 × 0.875 = 0.7656. அதை அதனாலேயே பெருக்கினால் நான்கு தடவை: 0.5862. இன்னொரு முறை, எட்டு தடவை: 0.3436. மறுபடியும், பதினாறு தடவை: 0.1181.

எட்டு தடவை என்ற இடத்தில் கொஞ்சம் நிற்போம், அக்கா மகள் கேட்டது அதைத்தான். எட்டு தடவை உருட்டியும் தாயம் விழாமல் போக வாய்ப்பு 34 சதவீதத்துக்கு மேல். மூன்று பேர் உட்கார்ந்து ஆளுக்கு எட்டு தடவை உருட்டினால், சராசரியாக ஒருவர் வெறுங்கையோடு இருப்பார். எட்டில் ஒன்று என்பதை எட்டால் பெருக்கி ‘நூறு சதவீதம்’ என்று சொல்வது எவ்வளவு தப்பு என்பது இதில் தெரிந்துவிடும். அந்தப் பெருக்கல் தருவது சராசரியாக எத்தனை தாயம் விழும் என்பதை: எட்டு தடவைக்குச் சராசரி ஒன்று. ஒருவருக்கு மூன்று விழுந்து இன்னொருவருக்கு ஒன்றுமே விழாமல் போனாலும் சராசரி காப்பாற்றப்பட்டுவிடும்.

சரி, பதினாறில் 0.1181. இன்னும் 0.1-க்குக் கீழே வரவில்லை. இனி ஒவ்வொன்றாகப் போகலாம். பதினேழில் 0.1033, வெற்றி வாய்ப்பு 89.67 சதவீதம். மூச்சு முட்டுகிற அளவுக்குப் பக்கத்தில் வந்தாலும் தாண்டவில்லை. பதினெட்டில் 0.0904, வெற்றி வாய்ப்பு 90.96 சதவீதம். விடை 18.

இதை எழுதும்போது இரண்டு வரியையும் காட்டுங்கள்: பதினேழு போதவில்லை, பதினெட்டு போதும். பதினெட்டு மட்டும் காட்டினால் அது போதும் என்றுதான் நிரூபித்திருக்கிறீர்கள், அதுவே மிகக் குறைந்தது என்று இன்னும் காட்டவில்லை.

மடக்கையால் போடும் வழி

வாய்ப்பு சின்னதாக ஆக, இந்தப் பெருக்கல் நீளும். அங்கே மடக்கை உதவும். (7/8)^n < 0.1 என்பதில் இரண்டு பக்கமும் மடக்கை எடுத்தால்:

```
n × log(7/8) < log(0.1)
n > log(0.1) / log(7/8)
```

இரண்டாவது வரியில் குறி திரும்பியிருப்பதைப் பாருங்கள். 7/8 ஒன்றைவிடச் சிறியது, ஆகவே அதன் மடக்கை எதிர்ம எண். எதிர்ம எண்ணால் வகுத்தால் சமனின்மைக் குறி திரும்பும். இதை மறந்தால் n < 17.24 என்று வரும். அதாவது 17-க்கு மேல் உருட்டக் கூடாது என்று பொருள்! பரீட்சைத்தாளில் இப்படி எழுதிவிட்டு அடுத்த வரியில் ‘எனவே n = 18’ என்று முடித்த விடைகளை நிறையத் திருத்தியிருக்கிறேன். விடை சரி, வழி தப்பு.

90 சதவீதம் என்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. பத்தடிமான மடக்கையில் log(0.1) என்பது சரியாக −1. ஆகவே மடக்கை அட்டவணை கையில் இருந்தால் ஒரே ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும்தான்: log 8 = 0.9031, log 7 = 0.8451, வித்தியாசம் 0.0580. ஒன்றை 0.0580-ஆல் வகுத்தால் 17.24. மேல்நோக்கி முழுமையாக்கினால் 18. இதில் எப்போதும் மேல்நோக்கித்தான். 17.24 என்பது 17-க்குப் பக்கம் என்று கீழே இறங்கினால் 89.67-இல் போய் நிற்பீர்கள்.

கைபேசிக் கால்குலேட்டரில் `log` இருந்தாலும் சரி, `ln` இருந்தாலும் சரி, மேலேயும் கீழேயும் ஒரே பொத்தானை அழுத்தினால் விடை மாறாது. கணினியில் போடுவதானால் மடக்கையே வேண்டாம், எண்ணிவிடலாம்:

```python
p = 1/8
n = 1
while (1 - p)**n >= 0.1:
    n += 1
print(n)
```

விடை 18 என்று வரும். `p`-ஐ மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வியில் ‘90 சதவீதத்துக்கு மேல்’ என்று இருக்கிறதா, ‘குறைந்தது 90 சதவீதம்’ என்று இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தாயத்தில் இதனால் வித்தியாசம் வராது. ஒரு தடவைக்கான வாய்ப்பே 0.9 என்று கொடுத்திருந்தால் வரும். ‘குறைந்தது’ என்றால் ஒரு தடவை போதும், ‘மேல்’ என்றால் இரண்டு வேண்டும். இப்படிச் சரியாக எல்லையில் போய் உட்காரும் எண்களில் கணினியையும் நம்பாதீர்கள். கணினிக்குள் 1 − 0.9 என்பது 0.1-க்கு ஒரு மயிரிழை குறைவாக வரும், அதனால் மேலே உள்ள நிரல் 1 என்று சொல்லிவிடும். இத்தகைய இடத்தில் கையால் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

மனக்கணக்குக்கு ஒன்று சொல்கிறேன்: 2.3-ஐ ஒரு தடவைக்கான வாய்ப்பால் வகுத்தால் ஏறக்குறைய விடை வந்துவிடும். தாயத்துக்கு 2.3 × 8 = 18.4. 2.3 என்பது 10-இன் இயல் மடக்கை, 2.3026. வாய்ப்பு சின்னதாக இருந்தால் இந்த வழி துல்லியமாகிக்கொண்டே போகும். பெரிதாக இருந்தால் தேவைக்கு அதிகமாகச் சொல்லும். நாணயத்துக்கு 4.6 என்று வரும், அதை மேல்நோக்கி முழுமையாக்கினால் 5, உண்மை விடையோ 4.

உருட்டலை எண்ணுவதா, முறையை எண்ணுவதா?

இங்கேதான் கட்டை நாணயத்தைவிட சுவாரசியமாகிறது. தாயத்தில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். 2, 3, 4 விழுந்தால் கட்டை அடுத்தவர் கைக்குப் போய்விடும். ஆகவே என் முறை வரும்போது நான் ஒரு தடவை உருட்டலாம், மூன்று தடவையும் உருட்டலாம். அக்கா மகளுக்கு வேண்டியது எத்தனை உருட்டல் என்பதா, எத்தனை முறை தன் கைக்குக் கட்டை வர வேண்டும் என்பதா? ஆடுகிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

அப்படியானால் ஒரு ‘முயற்சி’ என்பது இப்போது ஒரு உருட்டல் அல்ல, ஒரு முறை. அதற்கான வாய்ப்பைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

16 வழிகளைப் பிரித்துப் பார்ப்போம். தாயம் 2 வழி. 2, 3, 4 ஆகியவை 3 + 4 + 3, மொத்தம் 10 வழி. இவை விழுந்தால் முறை தோல்வியில் முடிந்தது. மீதி 4 வழி (ஐந்துக்கு 2, ஆறுக்கு 1, பன்னிரண்டுக்கு 1), இவை ஒன்றையும் முடிக்காது, மறுபடி உருட்டச் சொல்லும். முடிக்காதவற்றைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம், எத்தனை தடவை மறுபடி உருட்டினாலும் கடைசியில் முடிவது மற்ற 12 வழிகளில் ஒன்றில்தான். அந்த 12-இல் 2 தாயம். ஆகவே ஒரு முறைக்கான வாய்ப்பு 2/12, அதாவது 1/6.

சாதாரண ஆறுமுகப் பகடையில் ஒரு குறிப்பிட்ட எண் விழும் வாய்ப்பும் இதேதான். தோல்வி 5/6. நான்கு முறைக்கு 0.4823, எட்டுக்கு 0.2326, பன்னிரண்டுக்கு 0.1122, பதின்மூன்றுக்கு 0.0935. பன்னிரண்டில் 88.78 சதவீதம், பதின்மூன்றில் 90.65. விடை 13 முறை.

ஆக, ‘18 உருட்டல்’ என்பதும் சரி, ‘13 முறை’ என்பதும் சரி. ஒரே ஆட்டம், இரண்டு கேள்வி. முயற்சி என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் எழுதிக்கொள்ளாவிட்டால், உருட்டலின் 1/8-ஐ எடுத்துக்கொண்டு முறையை எண்ணிவிடுவோம். சில வீடுகளில் தாயம் போட்டுக் காய் இறங்கும் வரை மறு உருட்டல் கிடையாது என்று ஆடுவார்கள். அங்கே உருட்டலும் முறையும் ஒன்றே, 18-தான்.

1/6 என்று வந்ததும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. பிரான்சில் ஷெவாலியே தெ மெரே என்று அழைக்கப்பட்ட அந்துவான் கோம்போ ஒரு சூதாட்டக் கேள்வி கேட்டார். ஒரு பகடையை நான்கு தடவை போட்டால் ஒரு ஆறாவது விழும் வாய்ப்பு பாதிக்கு மேல் (மேலே பாருங்கள், 1 − 0.4823 = 0.5177). இரண்டு பகடை போட்டு இரட்டை ஆறு வர 36-இல் ஒரு வாய்ப்பு. 36 என்பது ஆறின் ஆறு மடங்கு, ஆகவே நான்கின் ஆறு மடங்கான 24 தடவை போட்டால் இதுவும் பாதிக்கு மேல் வர வேண்டாமா? வராது, 0.4914-தான். 25 தடவை வேண்டும். 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் இவருடைய கேள்விகள் வருகின்றன. 90 சதவீதத்திலும் அதே பொறி இருக்கிறது: ஒரு பகடைக்கு 13 என்றால் இரட்டை ஆறுக்கு 78 போதும் என்று தோன்றும். 78-இல் 88.9 சதவீதம்தான். உண்மை விடை 82.

18 என்ற எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

உருட்டத் தொடங்கும் முன்பு சொல்லும் கணக்கு இது. பதினேழு தடவை உருட்டி விழாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குப் பதினெட்டாவதில் 90 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. அவருக்கு அடுத்த உருட்டலில் அதே 1/8-தான். அவர் இனி 90 சதவீதம் வேண்டும் என்று கேட்டால், அந்த இடத்திலிருந்து மறுபடி 18. போட்டுத் தீர்த்த 17 கணக்கில் சேராது. இதை அக்கா மகளிடம் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது, ஆனால் வேறு வழியில்லை.

அடுத்தது, 18 தடவை உருட்டியும் விழாமல் போக 0.0904 வாய்ப்பு இருக்கிறது, ஏறக்குறைய பதினொன்றில் ஒன்று. அது அபூர்வமே இல்லை. நான்கு பேர் ஆடும்போது இன்னும் சாதாரணம். நால்வரும் ஆளுக்கு 18 தடவை உருட்டி நால்வருக்கும் தாயம் விழ வாய்ப்பு 0.9096-ஐ நான்கு தடவை பெருக்கியது, அதாவது 0.685. மூன்றில் ஒரு ஆட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாக, யாராவது ஒருவர் இன்னும் வெளியே உட்கார்ந்திருப்பார். அந்த ஒருவர் நாமாக இருந்தால் கட்டைக்கு ராசியில்லை என்று தோன்றும்.

நால்வருக்கும் விழுந்துவிட வேண்டும், அதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வேண்டும் என்றால் கணக்கு மாறும். ஒருவருக்கான வாய்ப்பை நான்கு தடவை பெருக்கினால் 0.9-ஐத் தாண்ட வேண்டும், ஆகவே ஒவ்வொருவருக்கும் 0.974-க்கு மேல் வேண்டும், தோல்வி 0.026-க்குக் கீழே. 27 உருட்டலில் தோல்வி 0.0272, போதவில்லை. 28-இல் 0.0238. விடை ஆளுக்கு 28. 18-ஐ நான்கு மடங்காக்கத் தேவையில்லை, பத்து கூடினால் போதும்.

எங்கே இந்தப் பெருக்கல் செல்லாது

ஒரு கிண்ணத்தில் எட்டு சீட்டு, ஒன்றில் மட்டும் ‘தாயம்’ என்று எழுதியிருக்கிறது. ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டுக் குலுக்கினால் கட்டையைப் போலவே 18. எடுத்ததை வெளியே வைத்துவிட்டால்? இரண்டாவது சீட்டு எடுக்கும்போது உள்ளே ஏழுதான் இருக்கின்றன. தோல்விகளைப் பெருக்கினால் 7/8 × 6/7 × 5/6 என்று போய், மேலும் கீழும் அடிபட்டு, ஏழாவது சீட்டில் 1/8 மிஞ்சும், வெற்றி 87.5 சதவீதம். எட்டாவதில் கட்டாயம் வந்துவிடும். இங்கே விடை 8. முதல் தடவைக்கான வாய்ப்பு இரண்டிலும் அதே 1/8-தான், ஆனால் இங்கே ஒரு தடவை நடந்தது அடுத்த தடவையை மாற்றுகிறது. கணக்கைப் படித்ததும் ‘திருப்பி வைக்கிறார்களா?’ என்று கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

கட்டையிலும் இது கெடலாம். இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நன்றாக உரசி உருட்ட வேண்டும். விழுந்ததை அப்படியே எடுத்து மெதுவாக வைப்பதுபோல் போட்டால், போன தடவை விழுந்த முகத்துக்கும் இந்தத் தடவைக்கும் தொடர்பு வந்துவிடும். எங்கள் பாட்டி அப்படிப் போடுகிறவரின் கையிலிருந்து கட்டையைப் பிடுங்கி மறுபடி உருட்டச் சொல்வார். கணக்குக் காரணம் அவருக்குத் தெரியாது, ஏமாற்று வேலை என்பது தெரியும்.

வாய்ப்பே தெரியாதபோது: புளியங்கொட்டை

கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டைதான். ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி, ஆறு கொட்டையைக் குலுக்கிப் போடுவோம். ஒரே ஒரு வெள்ளை மட்டும் மேலே தெரிந்தால் தாயம்.

கொட்டை பித்தளைக் கட்டை அல்ல. தேய்த்த பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் இருக்கும். வெள்ளை மேலே விழும் வாய்ப்பு பாதி என்று யார் சொன்னது? தேய்த்த அளவைப் பொறுத்து மாறும். அந்த வாய்ப்பை w என்று வைத்துக்கொண்டால், ஆறில் சரியாக ஒன்று மட்டும் வெள்ளையாக விழும் வாய்ப்பு:

```
p = 6 × w × (1 − w)^5
```

w சரியாகப் பாதி என்றால் தாயத்தின் வாய்ப்பு 0.094, தேவை 24 தடவை. w 0.4 என்றால் வாய்ப்பு 0.187 ஆகி 12 தடவை போதும். w 0.6 என்றால் 0.037-ஆகச் சுருங்கி 62 தடவை வேண்டும். கொட்டையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னச் சாய்வு, விடையை ஐந்து மடங்கு மாற்றிவிடுகிறது. சூத்திரத்தில் பிழையில்லை, அதற்குள் போடும் எண்ணில்தான் ஆபத்து.

ஆகவே w-ஐச் சோதித்துப் பார்க்க வேண்டும். நூறு தடவை போட்டு எத்தனை தாயம் விழுந்தது என்று எண்ணலாம். ஆனால் அதைவிட நல்ல வழி, ஒவ்வொரு தடவையும் எத்தனை வெள்ளை என்று குறித்துக்கொள்வது. ஆறு கொட்டை, நூறு தடவை என்றால் 600 கொட்டை விழுந்ததைப் பார்த்த மாதிரி. மொத்த வெள்ளையை 600-ஆல் வகுத்தால் w கிடைக்கும். ஆறு கொட்டைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேய்ந்திருந்தால்தான் இது செல்லும். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அதை மாற்றிவிடுங்கள்.

அப்படி எண்ணியும் 300 வெள்ளை வந்தது என்று வையுங்கள், w பாதி. 600-இல் எண்ணும்போது இரண்டு பக்கமும் 0.04 வரை தள்ளிப்போக இடம் உண்டு. உண்மையான w 0.46 என்றால் 17 தடவை போதும், 0.54 என்றால் 34 வேண்டும். நடுவில் நிற்கும் 24-ஐ மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. அக்கா மகள் இப்போது ஒரு நோட்டில் வெள்ளைகளைக் குறித்துக்கொண்டிருக்கிறாள், நாற்பது தடவை தாண்டிவிட்டது. அதற்குள் கொட்டை ஒன்று திண்ணையிலிருந்து உருண்டு சாக்கடையில் விழுந்துவிட்டது. புதிதாக ஒன்று தேய்த்துச் சேர்த்தாள், எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.